125இலிருந்து 150: உயர்வு 25 சதவீதமா, 20 சதவீதமா?

கேள்வி

நான் வேலைக்குப் போய்க்கொண்டே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். கல்லூரியில் பொருளியல் படித்ததில்லை. அண்மையில் எழுதிய தேர்வில் ஐந்து ஆண்டுகளின் விலைக் குறியீட்டெண்களைக் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்டிருந்தார்கள். முதலாம் ஆண்டுதான் அடிப்படை ஆண்டு. எண்கள் வரிசையாக 100, 125, 150, 165, 160.

முதல் கேள்வி, மூன்றாம் ஆண்டின் பணவீக்க விகிதம் என்ன என்பது. விருப்பங்கள் 16.67, 20, 25, 50. குறியீட்டெண்ணே 100ஐ வைத்துக் கட்டப்பட்டதுதானே, 25 கூடியிருந்தால் 25 சதவீதம்தானே என்று 25ஐக் குறித்தேன். விடைக்குறிப்பில் 20 என்று இருக்கிறது. என்னுடன் படிக்கும் அண்ணன் ஒருவர் 50தான் சரி என்கிறார்.

இரண்டாம் கேள்வி, "நான்காம் ஆண்டில் விலைகள் குறைந்தன" என்பது சரியா தவறா என்பது. உயர்வு 25இலிருந்து 15ஆகக் குறைந்துவிட்டதே என்று "சரி" என்றேன். விடைக்குறிப்பு "தவறு" என்கிறது.

மூன்றாவது, முதலாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை சராசரி ஆண்டுப் பணவீக்க விகிதம் என்ன என்பது. விருப்பங்கள் 10, 18.17, 21.67, 65. 25, 25, 15 ஆகியவற்றைக் கூட்டி மூன்றால் வகுத்து 21.67 என்றேன். விடைக்குறிப்பும் 21.67 என்றே சொல்கிறது. ஒரே முறை மூன்றாம் கேள்விக்குச் சரி, முதல் கேள்விக்குத் தவறு என்று எப்படி ஆகும்? இதையே காரணமாகக் காட்டி முதல் இரண்டு கேள்விகளுக்கும் மறுப்புத் தெரிவிக்கலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். கடைசி நாள் நெருங்குகிறது. கட்டலாமா?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டணம் கட்டும் நாள் நெருங்குவதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் மறுப்புத் தெரிவிக்க வேண்டாம். அவற்றில் விடைக்குறிப்பு சரியாகவே இருக்கிறது. நீங்கள் ஆதாரமாக நம்பியிருக்கும் மூன்றாம் கேள்வியில்தான் விடைக்குறிப்பு பிழையானது. அதாவது, உங்களுக்குக் கிடைத்திருக்கும் மதிப்பெண்தான் ஆட்டம் காணக்கூடியது. முரண்பாட்டைக் கண்டுபிடித்தது உங்கள் கூர்மை. ஆனால் அந்த முரண்பாடு நீங்கள் நினைத்த பக்கம் சாயவில்லை. ஏன் என்பதைப் பொறுமையாகப் பார்ப்போம். காரணம் புரிந்துவிட்டால் இந்த வகைக் கணக்கில் அடுத்த முறை உங்களுக்குத் தடுமாற்றம் இருக்காது.

நான்கு விருப்பங்களும் எங்கிருந்து வந்தன

முதலில் வாய்பாடு. இதை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள்:

பணவீக்க விகிதம் = (இந்த ஆண்டின் குறியீட்டெண் − முந்தைய ஆண்டின் குறியீட்டெண்) ÷ முந்தைய ஆண்டின் குறியீட்டெண் × 100

உங்கள் கணக்கில் (150 − 125) ÷ 125 × 100. அதாவது 25 ÷ 125 × 100 = 20. விடை 20 சதவீதம்.

நீங்கள் தொகுதியைச் சரியாகவே எழுதினீர்கள். 25 என்ற வித்தியாசத்தில் பிழை இல்லை. பகுதியில் 125 வரவேண்டிய இடத்தில் உங்களை அறியாமலே 100ஐ வைத்துவிட்டீர்கள். "குறியீட்டெண்ணே 100ஐ வைத்துக் கட்டப்பட்டதுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியம் முதலாம் ஆண்டிலிருந்து அளக்கும்போது மட்டுமே செல்லும். 100இலிருந்து 125க்குப் போனபோது உயர்வு 25 புள்ளி, அதுவே 25 சதவீதமும்கூட. பகுதியில் 100 இருந்ததால் புள்ளியும் சதவீதமும் ஒரே எண்ணாக அமைந்தன. அடுத்த ஆண்டு மூன்றாம் ஆண்டின் விலைகளை எதனோடு ஒப்பிடுகிறோம்? அடிப்படை ஆண்டின் விலைகளோடு அல்ல. ஏற்கெனவே 125ஆக உயர்ந்துவிட்ட இரண்டாம் ஆண்டின் விலைகளோடு. உயரமான இடத்திலிருந்து எழும் அதே 25 புள்ளி, சதவீதத்தில் சிறியதாகிறது.

கேள்வித்தாள் தயாரித்தவர் விருப்பங்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வழியில் வருவது.

25 என்பது புள்ளி. குறியீட்டெண் எத்தனை புள்ளி ஏறியது என்று கேட்டிருந்தால் அதுவே விடை. சதவீதம் என்ற பெயரை அதற்குக் கொடுக்க முடியாது.

50 என்பது உங்கள் அண்ணன் சொன்ன விடை. (150 − 100) ÷ 100. இது சதவீதம்தான், கணக்கும் சரிதான். ஆனால் அது அடிப்படை ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை இரண்டு ஆண்டுகளில் சேர்ந்த மொத்த உயர்வு. "மூன்றாம் ஆண்டின் பணவீக்க விகிதம்" என்று வேறு விளக்கம் எதுவும் இல்லாமல் கேட்டால், முந்தைய ஆண்டோடு ஒப்பிட்ட ஓராண்டு மாற்றத்தையே அது குறிக்கும். "அடிப்படை ஆண்டோடு ஒப்பிட்டால் மூன்றாம் ஆண்டில் விலைகள் எத்தனை சதவீதம் உயர்ந்திருக்கின்றன" என்று கேட்டிருந்தால் அண்ணனுக்கு முழு மதிப்பெண்.

16.67 என்பது சற்றுச் சுவையானது. வித்தியாசத்தைப் புதிய எண்ணான 150ஆல் வகுத்தால் இது வரும். இதை வெறும் பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம். இதற்கும் ஒரு பொருள் உண்டு. இரண்டாம் ஆண்டில் ஒரு கூடைப் பொருள்களை முழுதாக வாங்கப் போதுமான பணம் உங்களிடம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பணத்தை மூன்றாம் ஆண்டில் கொண்டுபோனால் அந்தக் கூடையில் 125 ÷ 150 பங்கு, அதாவது ஆறில் ஐந்து பங்குதான் கிடைக்கும். ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. பணத்தின் வாங்கும் திறன் 16.67 சதவீதம் குறைந்துவிட்டது. விலை 20 சதவீதம் ஏறினால் பணத்தின் மதிப்பு 20 சதவீதம் இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. இரண்டும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள்தான், ஆனால் வகுக்கும் எண் வேறு. "பணத்தின் மதிப்பு எவ்வளவு குறைந்தது" என்று கேள்வி வந்தால் அப்போது இந்த 16.67ஐ நினைவுகூருங்கள்.

ஆக நான்கு விருப்பங்களில் மூன்று, மூன்று வேறு வேறு கேள்விகளுக்குச் சரியான சதவீதங்கள். உங்களுடையது மட்டும் சதவீதமே அல்ல. இதைக் குறையாகச் சொல்லவில்லை. முதல் கேள்விக்கு மறுப்பு எழுதினால் அதைப் படிக்கும் வல்லுநர் எந்த இடத்தில் நிறுத்திவிடுவார் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடிப்படை ஆண்டை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்

"25 ஏன் சதவீதம் ஆகாது, 100ஆல் வகுப்பது என்ன குற்றம்?" என்று இன்னமும் மனம் கேட்கலாம். அதற்கு வாய்பாட்டைக் காட்டி வாயடைப்பதைவிட ஒரு சோதனை செய்து பார்ப்பது நல்லது.

குறியீட்டெண்ணில் 100 என்ற எண்ணுக்குத் தனிப் பெருமை எதுவும் இல்லை. ஏதோ ஓர் ஆண்டை ஒப்பீட்டுக்காகத் தேர்ந்தெடுத்து அதற்கு 100 என்று பெயரிடுகிறோம், அவ்வளவுதான். உங்கள் அட்டவணையில் முதலாம் ஆண்டுக்குப் பதிலாக இரண்டாம் ஆண்டை அடிப்படை ஆண்டாக வைத்துக்கொள்வோம். எல்லா எண்களையும் 125ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் போதும். வரிசை இப்படி மாறும்: 80, 100, 120, 132, 128. விலைகளில் எதுவும் மாறவில்லை. கடைக்குப் போனவர் கொடுத்த பணமும் மாறவில்லை. நாம் எண்களுக்கு வைத்த பெயர்கள் மட்டும் மாறியிருக்கின்றன.

இப்போது மூன்றாம் ஆண்டைப் பாருங்கள். புள்ளிக் கணக்கில் 100இலிருந்து 120, உயர்வு 20. உங்கள் முறையில் சென்றால் பழைய அட்டவணையில் பணவீக்கம் 25 சதவீதம், புதிய அட்டவணையில் 20 சதவீதம். ஒரே ஆண்டு, ஒரே விலைகள், ஆனால் இரண்டு பணவீக்க விகிதங்கள்! அது இருக்க முடியாத ஒன்று. முந்தைய ஆண்டால் வகுக்கும் முறையில் பழைய அட்டவணையில் 25 ÷ 125, புதியதில் 20 ÷ 100. இரண்டிலும் 20 சதவீதம்தான். ஐந்தாம் ஆண்டையும் சோதித்துப் பாருங்கள். பழையதில் 5 புள்ளி இறக்கம், புதியதில் 4 புள்ளி இறக்கம். ஆனால் −5 ÷ 165, −4 ÷ 132 இரண்டுமே −3.03 சதவீதம்.

புள்ளிகள் அடிப்படை ஆண்டைப் பொறுத்து மாறுபவை, விகிதம் மாறாதது. குறியீட்டெண்களைக் கழித்துவிட்டு அங்கேயே நிற்பவர் யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த அடிப்படை ஆண்டின் தயவில் நிற்கிறார். வகுப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதனால்தான் என் மாணவர்களிடம் கழித்தலையே விட்டுவிடச் சொல்கிறேன். புதிய எண்ணைப் பழைய எண்ணால் வகுத்து, 1ஐக் கழித்துவிடுங்கள். 150 ÷ 125 = 1.2, எனவே 20 சதவீதம். 165 ÷ 150 = 1.1, எனவே 10 சதவீதம். விடை 1க்குக் கீழே வந்தால் விலைகள் இறங்கியிருக்கின்றன. இப்படிச் செய்யும்போது எதை எதால் வகுப்பது என்ற குழப்பம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

எண்கள் சில தாள்களில் அண்மை ஆண்டு மேலேயும் பழைய ஆண்டு கீழேயும் இருக்கும்படி தலைகீழாக அச்சாகியிருக்கும். மாத அட்டவணை கொடுத்து "ஆண்டுப் பணவீக்கம்" கேட்டால், ஒப்பிட வேண்டியது போன மாதத்தோடு அல்ல, பன்னிரண்டு மாதங்களுக்கு முந்தைய அதே மாதத்தோடு. இந்த இரண்டையும் பேனாவை எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அடிப்படை ஆண்டைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தேர்வுகளில் இது சற்றுக் கடினமான கேள்வியாக வரும். பழைய தொடர் மூன்றாம் ஆண்டோடு முடிந்து, மூன்றாம் ஆண்டையே 100ஆக வைத்துப் புதிய தொடர் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய தொடர் 100, 125, 150. புதிய தொடர் மூன்றாம் ஆண்டில் 100, நான்காம் ஆண்டில் 110. இரண்டாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டு வரை விலைகள் எத்தனை சதவீதம் உயர்ந்தன? அவசரத்தில் 125ஐயும் 110ஐயும் எடுத்து வகுப்பவருக்கு விலைகள் 12 சதவீதம் குறைந்ததாக விடை வரும். ஒவ்வோர் ஆண்டும் ஏறிக்கொண்டிருந்த விலைகள் எப்படிக் குறையும்? அந்த விடையின் குறியே பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டு தொடர்களுக்கும் பொதுவான ஆண்டு மூன்றாவது. அங்கே பழையது 150, புதியது 100. எனவே புதிய தொடரின் எந்த எண்ணையும் 1.5ஆல் பெருக்கினால் பழைய தொடருக்கு வந்துவிடலாம். 110 × 1.5 = 165. பிறகு 165 ÷ 125 = 1.32, உயர்வு 32 சதவீதம். இந்த 1.5க்கு இணைப்புக் காரணி என்று பெயர். நடைமுறையில் புதிய தொடர் வரும்போது கூடையில் உள்ள பொருள்களும், கணக்கில் ஒவ்வொன்றுக்கும் தரும் முக்கியத்துவமான எடைகளும் மாறும் என்பதால் இப்படி இணைத்த எண் ஒரு மதிப்பீடுதான். தேர்வுக் கணக்குக்கு அது போதும்.

விகிதம் தணிவது வேறு, விலை இறங்குவது வேறு

இரண்டாம் கேள்விக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. நான்காம் ஆண்டில் குறியீட்டெண் 150இலிருந்து 165க்குப் போனது. எண் ஏறியிருக்கும்வரை விலைகளின் பொது மட்டம் ஏறியிருக்கிறது. பணவீக்க விகிதம் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகத் தணிந்தது என்பது உண்மை. அதாவது விலைகள் முன்பைவிட மெதுவாக ஏறின. ஏறுவதை நிறுத்தவில்லை. விலைகள் உண்மையில் இறங்கியது ஐந்தாம் ஆண்டில் மட்டுமே: 165இலிருந்து 160, விகிதம் −3.03 சதவீதம். இதைத்தான் பணவாட்டம் என்கிறோம். பணவீக்க விகிதம் எதிர்க் குறியோடு வரலாமா என்று சிலர் தயங்கி, குறியை அழித்துவிட்டு 3.03 என்று எழுதுகிறார்கள். தயங்க வேண்டியதில்லை, குறியை நீக்கினால் விடையே தலைகீழாகிவிடும்.

160 என்பது இன்னும் 100ஐவிட மிக அதிகமாக இருக்கிறதே, அதை எப்படிப் பணவாட்டம் என்பது என்றும் கேட்பார்கள். அடிப்படை ஆண்டைவிட விலைகள் 60 சதவீதம் உயர்ந்த நிலையிலேயே இருக்கின்றன என்பதும் உண்மை, கடந்த ஆண்டைவிடச் சற்றுக் குறைந்திருக்கின்றன என்பதும் உண்மை. ஒன்று மட்டத்தைப் பற்றியது, மற்றது மாற்றத்தைப் பற்றியது.

உங்கள் கடிதத்தில் இந்த இடத்தில் ஒரு நுட்பமான பிழை இருக்கிறது. "உயர்வு 25இலிருந்து 15ஆகக் குறைந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அவை புள்ளிகள். உங்கள் முறைப்படி இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் பணவீக்கம் மாறாமல் 25ஆகவே இருந்திருக்கும். உண்மையில் அது மூன்றாம் ஆண்டிலேயே 25இலிருந்து 20ஆகத் தணியத் தொடங்கிவிட்டது. புள்ளிகளை வைத்துப் பார்த்ததால் அந்தத் தணிவு உங்கள் கண்ணில் படவில்லை. "எந்த ஆண்டிலிருந்து பணவீக்கம் தணியத் தொடங்கியது" என்று கேட்டிருந்தால் அங்கும் ஒரு மதிப்பெண் போயிருக்கும்.

மூன்றாம் கேள்வி: சராசரி

இப்போது முரண்பாட்டுக்கு வருவோம். 25, 25, 15 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 65. அதை மூன்றால் வகுத்தால் 21.67. விடைக்குறிப்புத் தயாரித்தவர் அநேகமாக வேறு வழியில் அதே இடத்துக்கு வந்திருக்கிறார்: நான்காம் ஆண்டு வரை மொத்த உயர்வு 65 சதவீதம், இடையில் மூன்று ஆண்டுகள், எனவே 65 ÷ 3. இரண்டு வழிகளும் ஒரே எண்ணைத் தருவதில் வியப்பில்லை. புள்ளிகளைக் கூட்டினால் மொத்தப் புள்ளிதானே கிடைக்கும்.

இந்த விடை சரியா என்று பார்ப்பதற்கு எளிய வழி உண்டு. சராசரி ஆண்டு விகிதம் என்றால், ஒவ்வோர் ஆண்டும் அதே விகிதத்தில் ஏறினால் கடைசியில் அதே இடத்துக்கு வந்துசேர வேண்டும். 100ஐ எடுத்துக்கொண்டு ஆண்டுக்கு 21.67 சதவீதம் ஏற்றிப் பாருங்கள். முதல் ஏற்றத்தில் 121.67, அடுத்ததில் 148.04, மூன்றாவதில் 180.12. அட்டவணையில் இருப்பதோ 165. பதினைந்து புள்ளிகள் தாண்டிப் போய்விட்டோம். ஏனென்றால் இரண்டாம் ஆண்டின் ஏற்றம் முதல் ஆண்டின் ஏற்றத்தின் மேலும் சேர்ந்து ஏறுகிறது. மொத்தத்தை ஆண்டுகளால் வகுக்கும்போது இந்தக் கூட்டு விளைவு கணக்கில் வருவதில்லை. கூட்டு வட்டிக் கணக்கில் தனி வட்டி வாய்பாட்டைப் போட்டது போன்ற பிழை இது.

சரியான வழி இது. 165 ÷ 100 = 1.65. மூன்று ஆண்டுகள் ஆனதால் இதன் மூன்றாம் படி மூலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 1.65இன் மூன்றாம் படி மூலம் ஏறத்தாழ 1.1817. எனவே சராசரி ஆண்டு விகிதம் 18.17 சதவீதம். சோதனை: 100, 118.17, 139.64, 165.01. தசமத்தைக் குறைத்து எழுதியதால் வந்த 0.01 தவிர, சரியாக 165இல் வந்து நிற்கிறது.

தேர்வறையில் கால்குலேட்டர் இல்லாமல் மூன்றாம் படி மூலத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். விருப்பங்கள் இருக்கும்போது மூலம் காண வேண்டியதே இல்லை. ஒவ்வொன்றையும் மும்முறை பெருக்கிப் பார்த்தால் போதும். 1.1 × 1.1 × 1.1 = 1.331, 1.65க்கு எட்டவில்லை. 1.2ஐ எடுத்தாலே 1.728, 1.65ஐத் தாண்டிவிட்டது. அப்படியானால் விடை 10க்கும் 20க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். உங்கள் நான்கு விருப்பங்களில் அந்த இடைவெளியில் இருப்பது 18.17 மட்டுமே. அரை நிமிட வேலை.

ஆண்டு விகிதங்களைச் சரியாகக் கண்டுபிடித்து (25, 20, 10) அவற்றைக் கூட்டி மூன்றால் வகுக்கும் கூட்டுச் சராசரியை எடுத்தால் 18.33 வரும். உங்கள் விருப்பங்களில் அது இல்லை; ஆனால் வேறு தாள்களில் இருக்கும். கேள்வி "மூன்று ஆண்டுகளின் பணவீக்க விகிதங்களின் சராசரி" என்று இருந்தால் 18.33 சரி. "சராசரி ஆண்டுப் பணவீக்க விகிதம்" என்றோ "ஆண்டுக் கூட்டு விகிதம்" என்றோ இருந்து 18.17 போன்ற எண்ணும் விருப்பங்களில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஆண்டு விகிதங்கள் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடாதபோது இரண்டும் நெருங்கியே வரும். வேறுபாடு கூடக்கூட கூட்டுச் சராசரி மேலே விலகிப் போகும்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொத்த உயர்வை ஆண்டுகளால் வகுப்பதை "எளிய சராசரி உயர்வு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் "எளிய" என்ற சொல்லோ, "அடிப்படை ஆண்டு மட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை புள்ளி" என்பது போன்ற தொடரோ இருந்திருந்தால் 21.67ஐக் காப்பாற்ற இடமிருக்கும். நீங்கள் எழுதியுள்ளபடி அந்தச் சொல் இல்லை. அதோடு 18.17 என்ற விருப்பத்தைத் தாளில் வைத்தவர் மூன்றாம் படி மூலத்தை மனத்தில் வைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். அந்த எண் தற்செயலாக வராது. எனவே விடைக்குறிப்பில் பிழை நேர்ந்திருக்கிறது என்றே கருதுகிறேன்.

மறுப்பு எழுதினால் என்ன நடக்கும்

முதல் கேள்விக்கு மறுப்பு எழுதி, மூன்றாம் கேள்வியின் விடையைச் சான்றாகக் காட்டினால், வல்லுநர்கள் இரண்டு கேள்விகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். முதல் கேள்வியில் 20ஐ அசைக்க முடியாது. அது எந்தப் பாடநூலிலும் இருக்கும் வாய்பாடு. முரண்பாட்டைத் தீர்க்க அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி மூன்றாம் கேள்வியின் விடையை 18.17 என்று திருத்துவது. கட்டணமும் போய், இப்போது கையில் இருக்கும் ஒரு மதிப்பெண்ணும் போகும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் தேர்வாக இருந்தால் இழப்பு இன்னும் கூடும்.

மூன்றாம் கேள்விக்கு நீங்களே மறுப்பு எழுத வேண்டுமா? உங்களுக்கு அந்தக் கடமை இல்லை. உங்களுக்கு எதிராக நீங்களே கட்டணம் கட்டி வாதாட வேண்டும் என்று எந்தத் தேர்விலும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் 18.17ஐக் குறித்த ஒருவர் நிச்சயம் எழுதுவார், எழுதவும் வேண்டும். ஆகவே உங்கள் மொத்தத்தை எண்ணும்போது இந்த மதிப்பெண்ணைச் சேர்க்காமல் எண்ணுங்கள். அது கழிந்த பிறகும் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டுகிறீர்களா என்று பார்த்து, அடுத்த கட்டத் தயாரிப்பைத் திட்டமிடுங்கள். இறுதி விடைக்குறிப்பு வரும் நாளில் அதிர்ச்சி இருக்காது.

அந்தக் கட்டணப் பணத்தை வைத்துக்கொண்டு, இன்று மாலை இந்த ஒரு கணக்கை மட்டும் தாளில் போட்டுப் பாருங்கள். "நான்காம் ஆண்டின் குறியீட்டெண் 165, அந்த ஆண்டின் பணவீக்கம் 10 சதவீதம். மூன்றாம் ஆண்டின் குறியீட்டெண் என்ன?" 165இல் பத்து சதவீதத்தைக் கழித்து 148.5 என்று உங்கள் கை எழுதத் தொடங்கினால், பகுதியில் மீண்டும் தவறான ஆண்டு வந்து உட்கார்ந்துவிட்டது என்று பொருள். 148.5இன் மேல் பத்து சதவீதம் ஏற்றினால் 163.35தான் வரும். 165ஐ 1.1ஆல் வகுத்தால் 150. அட்டவணையிலும் அதுவே இருக்கிறது.